கவுனியோடு எது சேரும்? டெல்டா அரிசி விற்பனையில் தொகுப்பும் குழப்பமும்

1. கரும்பில்லாத பொங்கல்

2023 பொங்கலுக்கு நியாயவிலைக் கடைகளில் தரவிருந்த பரிசுத் தொகுப்பைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் அறிவித்தபோது, அதில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ரொக்கம் ரூ.1000 ஆகியவை இருந்தன. கரும்பு இல்லை. அரசு கொள்முதலை நம்பிச் செங்கரும்பு பயிரிட்ட விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மாதம் முடிவதற்குள் குடும்ப அட்டைக்கு ஒரு முழுக்கரும்பும் சேர்க்கப்படும் என்று அறிவிப்பு மாறியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 பொங்கலுக்கு, இதற்கு நேர்மாறானது நடந்தது. அப்போது தொகுப்பில் 21 பொருள்கள் இருந்தன. பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், நெய் என்று பொங்கல் பானைக்குள் போகிறவற்றோடு கடுகு, சீரகம், மிளகு, புளி போன்ற மளிகைச் சாமான்களும் பையில் வந்தன. அந்த ஆண்டுப் பேச்சு முழுவதும் பொருள்களின் தரத்தைப் பற்றியே இருந்தது. உருகிய வெல்லத்தின் படங்கள் கைப்பேசிகளில் சுற்றின. பையில் வேறு என்ன இருந்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இலவசமாகத் தரப்படும் பையை விற்பனைப் பொருளோடு ஒப்பிடுவதில் எல்லை உண்டு. ஆனாலும் தொகுப்பு என்பதன் இரண்டு இயல்புகளை இந்த இரு ஆண்டுகளும் காட்டிவிட்டன. மக்கள் ஒரு தொகுப்பைப் பொருள்களின் எண்ணிக்கையால் அடையாளம் காண்பதில்லை. அது எந்தக் காரியத்துக்கு என்பதைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். அதனால்தான் மூன்றே உருப்படிகள் இருந்தபோது கரும்பின் இன்மை உடனே கண்ணில் பட்டது. மற்றொன்று, இருபத்தொரு பொருள்களில் ஒன்று கெட்டாலும் கெட்ட பெயர் முழுப் பைக்கும் போய்ச் சேரும்.

2. கேள்வி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து பாரம்பரிய அரிசி ரகங்களை இணையம் வழியாக விற்பவர்கள் இன்று பலர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, கருப்புக் கவுனி என்ற பெயர்கள் நகரத்து வாசகருக்கு ஓரளவு பழகிப்போனதற்குத் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவுக்குப் பெரும் பங்குண்டு. 2006-இல் தொடங்கிய அந்த விழாவில் இரண்டு கிலோ விதைநெல் பெற்றுச் செல்லும் விவசாயி அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. விதை பெருகியது, விளைந்தது, அரிசியாகி விற்பனைக்கு வந்தது. கூடவே பெயர்களும் பெருகின.

இப்படி விற்பவர் எவரும் சீக்கிரமே ஓர் உண்மையை எதிர்கொள்கிறார். ஒரு கிலோ அரிசிக்கு வரும் ஆர்டரில், அட்டைப்பெட்டிக்கும் கூரியருக்கும் போக மிஞ்சுவது சொற்பம். ஆகவே ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பை உயர்த்த வேண்டும். அதற்கான வழியாகச் சொல்லப்படுவது சில பொருள்களைச் சேர்த்து ஒரே விலையில் தருவது, கடைமொழியில் ‘காம்போ’. எதை எதோடு சேர்ப்பது, அப்படிச் சேர்க்கும்போது பொருள் பட்டியல் குழம்பாமல் இருப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கருப்புக் கவுனி என்ற ஒரு ரகத்தை மையமாக வைத்து இதை ஆராய்கிறேன். கீழே கடைக் கணக்காக வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. அவரவர் கடைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

3. எதிரெதிராக இழுக்கும் இரண்டு விளக்கங்கள்

தொகுப்பு ஏன் பயன் தருகிறது என்பதற்குப் பொருளியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. திரைப்பட நிறுவனங்கள் நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் சேர்த்தே தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றதைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அதை ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்டிக்லர், வாங்குபவர்களின் விருப்பங்கள் எதிரெதிராக இருக்கும்போது சேர்த்து விற்பவருக்கு வருவாய் கூடும் என்று காட்டினார். ஆடம்ஸ், யெல்லன் இருவரும் 1976-இல் அதை விரிவாக்கினர்.

அதை நம் அரிசியில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் சீரகச் சம்பாவுக்கு ரூ.200-உம் கவுனிக்கு ரூ.120-உம் தர முன்வருகிறார். இன்னொருவர் சம்பாவுக்கு ரூ.130, கவுனிக்கு ரூ.210 தருவார். தனித்தனியே விற்று இருவரையும் பிடிக்க வேண்டுமானால் விலையை ரூ.130, ரூ.120 என்று இறக்க வேண்டும். மொத்த வருவாய் ரூ.500. இரண்டையும் சேர்த்து ரூ.320 என்று வைத்தால் இருவரும் வாங்குவர், வருவாய் ரூ.640. இந்த விளக்கத்தின்படி சேர்க்க வேண்டியவை ஒருவருக்கே இரண்டும் பிடித்த பொருள்கள் அல்ல. ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு மற்றதும் பிடித்த பொருள்கள். ‘ஐந்து ரகம், ஐந்து பொட்டலம்’ என்ற வகைத் தொகுப்புக்கு இது நல்ல ஆதரவு.

இரண்டாவது விளக்கம் கணினித்துறையிலிருந்து வந்தது. ராகேஷ் அகர்வால், தோமஸ் இமிலின்ஸ்கி, அருண் சுவாமி மூவரும் 1993-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பில்களைத் தோண்டி எவை எவற்றோடு சேர்ந்து வாங்கப்படுகின்றன என்று பார்ப்பது வழக்கமாயிற்று. இதன்படி சேர்க்க வேண்டியவை ஒரே கூடையில் ஒன்றாகப் போகிறவை. அதாவது முதல் விளக்கம் சொல்வதற்கு ஏறத்தாழ எதிர்.

எது சரி? ஸ்டிக்லரின் கணக்கு ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: ஒவ்வொரு பொருளும் தனக்கு எவ்வளவு பெறும் என்று வாங்குபவருக்குத் தெரியும் என்பதே அது. சென்னை அண்ணாநகரில் இருந்துகொண்டு முதன்முறையாகக் காட்டுயானம் என்ற பெயரைப் படிப்பவருக்கு அது தெரியாது. அவருக்கு அது ரூ.90-ம் பெறலாம், ரூ.200-ம் பெறலாம். அரிசி விஷயத்தில் இந்த அறியாமையை இன்னொன்று பெரிதாக்குகிறது: ரகங்கள் ஒன்றுபோல் வேகுவதில்லை. தூயமல்லியை அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். தவிடு நீக்காத கவுனியை இரவே ஊறவைக்க வேண்டும். அப்படியும் சாதாரண அரிசியைவிட அதிகத் தண்ணீரும் நேரமும் கேட்கும். ஐந்து ரகம் வாங்கியவர் ஐந்தையும் ஒரே குக்கரில் ஒரே அளவு தண்ணீரில் வைத்துவிட்டு, ‘அரிசி வேகவே இல்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுவார். அந்த நட்சத்திரம் கவுனிக்கு மட்டும் போகாது, ஐந்துக்கும் போகும்.

ஆகவே பல ரகத் தொகுப்பை அறிமுகப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு குடும்பம் ஒரு வேளை சமைத்துப் பார்க்கும் அளவுக்குச் சிறு பொட்டலங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஊறும் நேரமும் தண்ணீர் அளவும், அவ்வளவுதான். ஆர்டர் மதிப்பை உயர்த்தும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த வேலைக்கு இரண்டாவது விளக்கம் பொருத்தமானது. ஆனால் அதைப் பயன்படுத்துவதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது.

4. ஒரு மாத பில்கள்

ஒரு மாதத்தில் 400 ஆர்டர் வரும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 200-இல் தூயமல்லி இருக்கிறது, 60-இல் கவுனி, 100-இல் நாட்டுச்சர்க்கரை. தூயமல்லியும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்து வந்த ஆர்டர்கள் 52. கவுனியும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்து வந்தவை 36.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் 52 பெரியது என்று தூயமல்லியோடு சர்க்கரையைக் கட்டிவிடுவார். முதல் தவறு இதுதான். தூயமல்லி பாதி ஆர்டர்களில் இருக்கிறது. சர்க்கரைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றே வைத்தாலும், சர்க்கரை வாங்கிய நூறு பேரில் பாதிப்பேர், அதாவது 50 பேர், தற்செயலாகவே தூயமல்லியும் வாங்கியிருப்பார்கள். நடந்தது 52. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். கவுனியின் கதை வேறு. அது 400-இல் 60 ஆர்டர்களில் மட்டுமே இருப்பதால், தற்செயலாகச் சேர வேண்டியது 15. சேர்ந்தது 36. எதிர்பார்ப்பைப் போல 2.4 மடங்கு.

இதற்குக் காரணம் சமையலறையில் இருக்கிறது. செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி ஓர் இனிப்பு. ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்ப்பார்கள். தூயமல்லி சோற்றுக்கு. பில்லில் தெரியும் 2.4 என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படியொரு காரியம் புலப்படாவிட்டால் அந்த எண்ணை நம்புவதற்குமுன் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கலாம். சிறிய கடையின் பில்களில் தற்செயல் நிறைய விளையாடும். ஏழெட்டு ஆர்டர்களில் மட்டும் சேர்ந்துவந்த ஜோடிக்குப் பெரிய மடங்கு கிடைத்தாலும் அதற்குப் பொருளில்லை. ஒரே வாடிக்கையாளர் மூன்று முறை வாங்கியதாகவும் அது இருக்கலாம்.

வெற்றிலைக்குச் சீவல் போலப் பழைய சேர்க்கைகள் எல்லாமே இப்படிக் காரியத்திலிருந்து பிறந்தவைதான். இதற்கு மாறாக, ஊர்ப்பெருமையிலிருந்து பிறக்கும் சேர்க்கைகளும் உண்டு: ஒரு தலையாட்டி பொம்மை, ஒரு கிலோ அரிசி, கும்பகோணம் காப்பித்தூள், மேலே ‘தஞ்சைப் பெட்டகம்’ என்ற பெயர். பரிசாகக் கொடுக்க இது உதவலாம். ஆனால் பொம்மை வாங்க வந்தவருக்கு அரிசி வேண்டாம், அரிசி தேடி வந்தவருக்குப் பொம்மை வேண்டாம். மூன்றும் ஒரே மண்ணில் பிறந்தன என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு இல்லை.

5. கூரியர் தராசில்

புத்தகம், துணி, நகை விற்பவருக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு அரிசி விற்பவருக்கு உண்டு. அரிசி கனமான, விலை குறைந்த பொருள். கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோ படிகளாக ஏறும். சேர்க்கும் பொருளும் அரிசியாகவே இருந்தால் ஆர்டர் மதிப்போடு கட்டணமும் ஏறிவிடும்.

முதல் அரைக்கிலோவுக்கு ரூ.40, அடுத்த ஒவ்வோர் அரைக்கிலோவுக்கும் ரூ.25 என்று கொள்வோம். கட்டணம் விற்பவர் பொறுப்பு. கவுனி ஒரு கிலோ விலை ரூ.240, அடக்கம் ரூ.120. பெட்டியோடு சேர்த்து எடை 1.1 கிலோ. கூரியர் கணக்கில் இது ஒன்றரைக் கிலோ, கட்டணம் ரூ.90. மிச்சம் ரூ.30.

இதோடு தூயமல்லி ஒரு கிலோவை ரூ.110-க்குச் சேர்க்கிறோம். அதன் அடக்கம் ரூ.75 என்றால், லாபம் ரூ.35 கூடியதுபோல் தோன்றும். ஆனால் எடை 2.1 கிலோவாகி இரண்டரைக் கிலோ படிக்குப் போய்விடும், கட்டணம் ரூ.140. ஆர்டர் மதிப்பு ரூ.240-லிருந்து ரூ.350-க்கு ஏறியது. மிச்சமோ ரூ.30-லிருந்து ரூ.15-க்கு இறங்கியது. மாத இறுதி அறிக்கையில் ‘சராசரி ஆர்டர் மதிப்பு உயர்ந்தது’ என்ற வரியை மட்டும் படிப்பவர் மகிழ்ந்துவிடுவார்.

இப்போது முதல் பெட்டியை மறுபடி பார்ப்போம். 1.1 கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோவின் கட்டணம் கொடுத்தோம். அதாவது 400 கிராம் அளவுக்குக் காலி இடத்துக்கும் பணம் கட்டியாயிற்று. அந்த இடத்தில் 300 கிராம் நாட்டுச்சர்க்கரையும் சிறு ஏலக்காய்ப் பொட்டலமும் போகும். கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது. இந்த இரண்டும் சேர்ந்து விலை ரூ.70, அடக்கம் ரூ.40 என்றால், ஆர்டர் மதிப்பு ரூ.310 ஆகிறது, மிச்சம் ரூ.60 ஆகிறது. தூயமல்லியைச் சேர்த்ததைவிட ஆர்டர் மதிப்பு குறைவு. கையில் நிற்பது நான்கு மடங்கு.

ஆக, காரியத்தால் பொருந்தும் துணைப்பொருள்களில் எது இந்தக் காலி இடத்துக்குள் அடங்குகிறதோ அதுவே முதல் தேர்வு. இதில் கன அளவுக் கணக்கும் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண், உண்மை எடையைவிட அதிகமானால் பல கூரியர்கள் அந்த எண்ணுக்கே கட்டணம் போடுவார்கள். அரிசிப் பெட்டிக்கு இது பெரும்பாலும் பொருட்டில்லை. தலையாட்டி பொம்மையை உடையாமல் அனுப்ப 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி வேண்டியிருந்தால், உள்ளே எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மூன்று கிலோ.

6. தள்ளுபடி யாருக்குப் போகிறது

இரண்டாவது தவறு தள்ளுபடியில் நேர்கிறது. காம்போ என்றால் விலை குறைய வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. கவுனியும் சர்க்கரையும் சேர்ந்த ரூ.310 தொகுப்பை ரூ.295-க்குத் தருவோம், ரூ.15 தள்ளுபடி. என்ன ஆகும்?

கவுனி வாங்கிய 60 பேரில் 36 பேர் ஏற்கெனவே சர்க்கரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே அளவே வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அத்தனை பேருக்கும் இனி ரூ.15 குறையும், இழப்பு ரூ.540. மீதி 24 பேர் கவுனி மட்டும் வாங்கியவர்கள். அவர்களில் ஒருவர் தொகுப்புக்கு மாறினால் மிச்சம் ரூ.30-லிருந்து ரூ.45 ஆகும்; ஆதாயம் ரூ.15. ஒருவர்கூட விடாமல் 24 பேரும் மாறினாலும் வருவது ரூ.360. ஆர்டர் மதிப்பு உயரும், மாத முடிவில் ரூ.180 குறையும். தள்ளுபடியைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் இந்தப் பள்ளத்தை நிரப்பலாம். ஆனால் மாதத்துக்கு நான்கு பேராவது புதிதாக வந்தால்தான் கணக்கு நேராகும், அதுவும் பழைய 24 பேரும் மாறியிருந்தால்.

இங்கேதான் முன்சொன்ன இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று திருத்துகின்றன. பொருள்கள் சேர்ந்து வாங்கப்படுகின்றன என்பது அவற்றை ஒன்றாக வைக்கலாம் என்பதற்குச் சான்று. விலையைக் குறைக்கலாம் என்பதற்குச் சான்று அன்று. சொல்லப்போனால், எவ்வளவு இறுக்கமாகச் சேர்கின்றனவோ அவ்வளவுக்குத் தள்ளுபடி வீண், ஏனெனில் அது கேட்காதவர்களுக்கே போகிறது. கவுனித் தொகுப்பைத் தள்ளுபடியின்றி ரூ.310-க்கே வைத்தால், 24 பேரில் பாதிப்பேர் மாறினாலே ரூ.360 கூடும், எவரிடமும் இழப்பில்லை. வாங்குபவருக்கு அதில் கிடைப்பது என்ன என்று கேட்கலாம். அளந்துவைத்த விகிதம் கிடைக்கிறது: ஒரு கிலோ அரிசிக்கு இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு ஏலக்காய், இரவு ஊறவைக்க வேண்டும் என்ற குறிப்பு. கவுனியை முதன்முறை சமைப்பவருக்கு அது பதினைந்து ரூபாயைவிடப் பெரியது.

‘இலவசமாக ஏதாவது போட்டுவிடலாமே’ என்ற யோசனையும் இங்கே எழும். கிம்பர்லி வீவர், ஸ்டீபன் கார்சியா, நார்பர்ட் ஸ்வார்ஸ் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதில் எச்சரிக்கிறது. பாட்டுக் கேட்கும் விலையுயர்ந்த கருவியோடு உறையைத் தந்ததைவிட, உறையோடு ஓர் இலவசப் பாட்டையும் சேர்த்துத் தந்த தொகுப்புக்கு மக்கள் குறைவாகவே மதிப்பிட்டனர். கொடுப்பவர் கூட்டிப் பார்க்கிறார். வாங்குபவர் சராசரியாகப் பார்க்கிறார். கவுனியோடு ஏலக்காய் போகலாம், அதுவும் மதிப்புள்ள பொருள். ஐந்து ரூபாய் மஞ்சள்தூள் பொட்டலம் போனால் கவுனியும் அந்த வரிசையில் இறங்கிவிடும்.

7. பக்கம் எங்கே குழம்புகிறது

தேர்வுகள் கூடினால் வாங்குபவர் திகைப்பார் என்பதற்கு அடிக்கடி காட்டப்படுவது ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு. 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் சுமார் 3% பேரும், 6 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் சுமார் 30% பேரும் வாங்கினர். இதை வேதவாக்காகக் கொள்ள முடியாது. பெஞ்சமின் ஷைபெஹென்னும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்தது. அலெக்ஸாண்டர் செர்னெவ் குழுவினர் 2015-இல் செய்த தொகுப்பாய்வு, திகைப்பு எந்தச் சூழலில் நேர்கிறது என்று பிரித்துக் காட்டியது. தனக்கு என்ன வேண்டும் என்று வாங்குபவருக்கே தெளிவில்லாமை அவற்றுள் ஒன்று. பாரம்பரிய அரிசிக்கு இது அப்படியே பொருந்தும். பொன்னியில் பத்து எடை இருந்தாலும் குழப்பமில்லை. பூங்காரில் மூன்று இருந்தாலே யோசனை வரும்.

எட்டு ரகம், ஒவ்வொன்றிலும் மூன்று எடை என்றால் ஒரே பக்கத்தில் 24 தேர்வுகள். அந்த வரிசைக்குள் ‘கவுனி காம்போ’ என்று இருபத்தைந்தாவதாக ஒன்றை நுழைப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு ஊற்று. ரகமும் எடையும் ‘எது, எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடைகள். தொகுப்பு ‘எதற்கு’ என்ற கேள்விக்கு விடை. இரண்டையும் ஒரே பொத்தான் வரிசையில் வைத்தால், ஒரு கிலோ ரூ.240 என்பதற்குப் பக்கத்தில் ரூ.310 என்று பார்ப்பவர் ‘அரிசி விலை ஏன் கூடியது’ என்றே நினைப்பார். மதிப்புரைகளும் கலந்துவிடும். சர்க்கரை கட்டியாகிவிட்டது என்று எழுதப்பட்ட குறை, வெறும் அரிசியைப் பார்க்க வந்தவர் கண்ணில் படும்.

தொகுப்புக்குத் தனிப் பக்கமும் தனிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். கவுனிப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். பெயரில் ஆரவாரம் வேண்டாம். ‘கவுனி இனிப்புத் தொகுப்பு: கருப்புக் கவுனி 1 கிலோ + நாட்டுச்சர்க்கரை 300 கிராம் + ஏலக்காய் 5 கிராம்’ என்று காரியம் முதலிலும் உருப்படிகள் அடுத்தும் வந்தால் போதும். படத்தில் பெட்டிக்குள் போகிற பொட்டலங்கள் மட்டுமே இருக்க வேண்டும். அழகுக்காக ஓரமாக வைத்த பித்தளைக் கிண்ணமும் தேங்காய் மூடியும் ‘அது வரவில்லையே’ என்ற தொலைபேசி அழைப்பாகத் திரும்பி வரும்.

குழம்பியிருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கடையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் பக்கத்தைச் சில நொடிகள் காட்டிவிட்டு, ‘பெட்டியில் என்னென்ன வரும், மொத்தம் எவ்வளவு எடை’ என்று கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் பெயரை மாற்றி எழுத வேண்டும். பிறகு, ஆர்டருக்கு முன் வரும் கேள்விகளையும் திருப்பி அனுப்புபவர்கள் சொல்லும் காரணங்களையும் தனியே குறித்துவர வேண்டும். ‘எடை குறைகிறது’, ‘இரண்டு கிலோ என்று நினைத்தேன்’ என்பவை பொருளைப் பற்றிய குறைகள் அல்ல, பக்கத்தைப் பற்றியவை.

8. வரியும் சரக்கும்

சட்டத்தில் சேர்க்கைக்குத் தனிப் பெயர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டப்படி, இயல்பாகச் சேர்ந்து வராத பொருள்களை ஒரே விலையில் விற்றால் அது கலப்பு வழங்கல். அவற்றுள் எதற்கு வரி அதிகமோ அதே விகிதம் முழுத் தொகைக்கும் விழும். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5%. பொட்டலமிட்ட நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் இரண்டும் அதே விகிதம்தான் என்பதால் கவுனித் தொகுப்புக்குச் சிக்கலில்லை. ஆனால் 18% வரியுள்ள மின்சார ரைஸ் குக்கரோடு அரிசியைச் சேர்த்து ஒரே விலை போட்டால், அரிசிக்கும் 18% கட்ட நேரும். வேறுபட்ட பொருள்களை ஒன்றாகக் கட்டும் பொட்டலத்தை 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளும் தனிவகையாகவே வரையறுக்கின்றன. உள்ளே இருப்பவற்றின் அளவை மேலே தெரிவிக்க வேண்டும்.

சரக்கின் கணக்கு வரியைவிடக் கடுமையானது. தொகுப்பின் ஆயுள், அதில் முதலில் கெடும் பொருளின் ஆயுள். தவிடு நீக்காத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். நாட்டுச்சர்க்கரை மழைக்காலத்தில் கசியும். முன்கூட்டியே நூறு பெட்டி கட்டி அடுக்கிவைப்பதைவிட, உருப்படிகளைத் தனித்தனியே வைத்து ஆர்டர் வந்தபின் கட்டுவது பாதுகாப்பு. அதேபோல், கையிருப்பில் எது மிகக் குறைவோ அத்தனை தொகுப்புகள்தான் விற்க முடியும். நீண்டகாலப் பாரம்பரிய ரகங்கள் பெரும்பாலும் சம்பாப் பட்டத்தில் ஒரு போகம் விளைபவை. தை, மாசியில் அறுவடையானால் அடுத்த தைவரை அந்த இருப்பே. ஐந்து ரகத் தொகுப்பில் ஐப்பசியில் ஒரு ரகம் தீர்ந்தால் மற்ற நான்கும் மூட்டையில் இருக்கத் தொகுப்பு மட்டும் நின்றுபோகும். அப்போது தீர்ந்ததற்குப் பதில் வேறு ரகத்தைச் சொல்லாமல் போட்டு அனுப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. பெயர் சொல்லி விற்கும் சரக்கில் இதைவிட விரைவாக நம்பிக்கையை அழிப்பது வேறொன்றில்லை.

9. அந்த 24 பேர்

கவுனி வாங்கியும் சர்க்கரை வாங்காத 24 பேரைத் ‘தொகுப்புக்கு மாறக்கூடியவர்கள்’ என்றே இதுவரை எண்ணினோம். அது முழுச் சரியல்ல. அவர்களில் சிலர் வீட்டில் சர்க்கரை இருப்பதால் வாங்காதவர்கள். வேறு சிலர் சர்க்கரையைத் தவிர்ப்பதற்காகவே கவுனிக்கு வந்தவர்கள். அதை உடைத்துக் கஞ்சி வைத்து மோரும் உப்பும் சேர்த்துக் குடிப்பவர்கள். பின்னவர்களுக்கு இனிப்புத் தொகுப்பு ஒரு வாய்ப்பே அல்ல. வெறும் கவுனியை வாங்கும் வழி அடைபட்டிருந்தால் அவர்கள் கடையையே விட்டுப் போவார்கள். ஆடம்ஸ், யெல்லன் ஆய்வும் தனியாகவும் சேர்த்தும் இரண்டு வழியிலும் விற்பதன் அனுகூலத்தைத்தான் பேசுகிறது.

பில்லில் இந்த இரண்டு வகையினரும் ஒரே மாதிரி தெரிவார்கள்: கவுனி 1 கிலோ, ரூ.240. பிரித்தறிய, ஆர்டரை உறுதி செய்யும்போது ‘இனிப்புக்கா, கஞ்சிக்கா, சோற்றுக்கா’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். கஞ்சி என்பவர்கள் கணிசமாக இருந்தால், அவர்களுக்கு உரியது உடைத்த கவுனிக் குருணையும், அதோடு காலி 400 கிராமுக்குள் அடங்கும் வறுத்த பாசிப்பருப்பும் சிறிது சீரகமும். அந்தப் பக்கத்தில் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று எழுதும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் உரிமை கோர உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. கஞ்சி என்பவர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் புதிய பக்கம் தேவையில்லை, கவுனிப் பொட்டலத்தின் பின்புறம் கஞ்சிக்கான செய்முறை நான்கு வரி அச்சிட்டால் போதும்.